சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றி உறுமுகிறதா? காயில் கட்டுவதற்கு முன் கண்டென்சரைப் பாருங்கள்

கோடை பிறந்ததும் எங்கள் காயில் கட்டும் கடைக்குச் சீலிங் ஃபேன்கள் வரத் தொடங்கிவிடும். "மோட்டார் போயிடுச்சு, காயில் கட்டிக் கொடுங்க" என்று சொல்லித்தான் பலரும் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேசையில் வைத்து இணைத்துப் பார்த்தால், அவற்றில் நிறைய ஃபேன்களுக்குக் காயிலில் ஒரு குறையும் இருக்காது. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு கண்டென்சரை மாற்றிப் போட்டதும் பழைய வேகத்தில் சுற்றும். அதற்காக ஃபேனைக் கழற்றி, ஆட்டோவில் வைத்து, இரண்டு நாள் புழுக்கத்தில் காத்திருந்திருப்பார்கள். அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கண்டென்சர் என்று கடைகளில் சொல்வதும், கெபாசிட்டர் என்று சிலர் சொல்வதும், பாடப் புத்தகத்தில் மின்தேக்கி என்று படித்ததும் ஒரே பொருள்தான். இங்கே கண்டென்சர் என்றே எழுதுகிறேன்.

சொல்வதெல்லாம் வீடுகளில் வழக்கமாகத் தொங்கும் 48 அங்குல சாதாரண ஃபேனுக்கு, அதாவது சுவரில் ரெகுலேட்டர் வைத்து ஓட்டும் ஃபேனுக்கு. ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேனில் இப்படி ஒரு கண்டென்சர் கிடையாது. உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருக்கும். அதற்கு இந்த வழி பொருந்தாது.

போன கோடையில் பார்த்த ஒரு ஃபேனை வைத்தே சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். "தம்பி, ஹால் ஃபேன்ல காத்தே வரல. ராத்திரி அமைதியில ம்ம்ம்னு ஒரு சத்தம் வேற. காயில் போயிடுச்சு, புதுசா வாங்கிடுங்கன்னு பார்த்தவர் சொல்லிட்டுப் போனார்" என்றார். ஹாலிலும் படுக்கையறையிலும் ஒரே மாதிரியான இரண்டு ஃபேன்கள், ஒரே நாளில் மாட்டியவை, ஒன்பது வயது. இப்படி ஜோடியாக இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி, ஒன்றை வைத்து மற்றதை ஒப்பிடலாம்.

உண்மையிலேயே வேகம் குறைந்திருக்கிறதா?

கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். வெயில் கூடினாலே காற்று போதவில்லை என்று தோன்றும். கைபேசியில் ஸ்லோமோஷன் வீடியோ எடுக்க முடிந்தால் வேகத்தை எண்ணிவிடலாம். ஃபேனை நிறுத்தி, ஒரு இறக்கையின் அடியில் மட்டும் வெள்ளைத் தாளை டேப் போட்டு ஒட்டுங்கள். ரெகுலேட்டரை 5-ல் வைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே படுத்தபடி வீடியோ எடுங்கள். நொடிக்கு 240 படம் என்ற அமைப்பில் எடுத்தால், பெரும்பாலான கைபேசிகள் அதை எட்டு மடங்கு மெதுவாகக் காட்டும். அந்த வீடியோவில் தாள் பத்துச் சுற்று சுற்ற எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 4800-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைத்துவிடும். உங்கள் கைபேசி நொடிக்கு 120 படம்தான் எடுக்கும் என்றால் 2400-ஐ வகுக்க வேண்டும்.

டீச்சரம்மாவின் பேரன்தான் எடுத்தான். படுக்கையறை ஃபேன் பத்துச் சுற்றுக்கு 14 நொடி எடுத்தது, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 343 சுற்று. இந்த அளவு ஃபேன் 5-ல் 350-ஐ ஒட்டிச் சுற்ற வேண்டும், ஆகவே அது சரி. ஹால் ஃபேனுக்கு 19 நொடி ஆனது. வகுத்தால் 253. காற்றில் கால் பங்கு காணாமல் போயிருக்கிறது. டீச்சரம்மாவுக்குத் தோன்றியது வெறும் பிரமை இல்லை.

சத்தம் எப்போது நிற்கிறது?

இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கருவி எதுவும் வேண்டாம், அமைதியான அறை போதும். ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது சுவிட்சை அணையுங்கள். கரண்ட் போனாலும் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

சுவிட்சை அணைத்த நொடியே உறுமல் அறுந்துபோய், ஃபேன் சத்தமில்லாமல் சுற்றி அடங்கினால், அந்தச் சத்தம் கரண்டால் வந்தது. கண்டென்சர், ரெகுலேட்டர், காயில் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் தேட வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் கரகர என்றோ கிரீச் என்றோ சத்தம் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால், அது பேரிங். ஃபேன் நின்றதும் கையால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் என்றால் ஒரு தள்ளுக்குப் பல சுற்று போய், மெதுவாகத் தயங்கி நிற்கும். தேய்ந்ததோ, கிரீஸ் காய்ந்ததோ என்றால் இரண்டு மூன்று சுற்றிலேயே பிடித்து நிறுத்திய மாதிரி நின்றுவிடும், விரலில் ஒரு நறநறப்பு தெரியும். அதற்குக் கண்டென்சர் மாற்றிப் பயனில்லை, கடைக்குத்தான் கொண்டுவர வேண்டும்.

டீச்சரம்மா வீட்டில் சுவிட்சைத் தட்டியதும் உறுமல் சட்டென்று நின்றது. ஃபேன் பிறகும் நெடுநேரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. பேரிங் நன்றாக இருக்கிறது.

5-ல் வைத்தாலும் மெதுவா, 1-லிருந்து 4 வரை மட்டுமா?

ரெகுலேட்டரைப் பிரித்தெடுக்க இதுதான் வழி. கிளிக் கிளிக் என்று படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டரில், 5-க்குத் திருப்பினால் கரண்ட் நேராக ஃபேனுக்குப் போய்விடும். ரெகுலேட்டருக்கு உள்ளிருக்கும் சமாச்சாரம் எதுவும் குறுக்கே வராது. ஆகவே 5-ல் பழைய வேகம் இருந்து, 2-லும் 3-லும் மட்டும் இழுக்கவில்லை என்றால் ரெகுலேட்டரைத்தான் பார்க்க வேண்டும். ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பும் வகை ரெகுலேட்டரில், குறைந்த வேகத்தில் ஃபேன் உறுமுவது அதன் இயல்பு. 5-க்குக் கொண்டுபோனதும் உறுமல் அடங்கிவிட்டால் ஃபேனில் பழுதில்லை.

5-லேயே மெதுவாகச் சுற்றி, 5-லேயே உறுமினால் கண்டென்சர் மீது சந்தேகம் வலுக்கிறது. ஹால் ஃபேன் அப்படித்தான் இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன். 2-ல் வைத்து சுவிட்சைப் போட்டால் அது கிளம்பவே இல்லை, நின்ற இடத்திலேயே உறுமியது. "முன்னெல்லாம் 5-ல போட்டுக் கிளப்பிட்டு அப்புறம் 2-க்குக் குறைப்பேன்" என்றார் டீச்சரம்மா. இப்படி ஒரு பழக்கம் வீட்டில் தானாக வந்திருந்தாலே, கண்டென்சர் பல மாதங்களாக இளைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமுகிறதா?

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்ததும் ஃபேன் உறுமி, கரண்ட் வந்ததும் அமைதியானால் காரணம் இன்வெர்ட்டர். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தரும் கரண்ட் அலை அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாக இருக்கும், மோட்டார் அதற்கு முனகும். அதேபோல் மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் எல்லா அறை ஃபேன்களும் சேர்ந்தே மெதுவானால் அது லோ வோல்டேஜ். இந்த மோட்டாரின் இழுவை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், இழுவை கிட்டத்தட்ட அறுபது சதவீதம்தான் மிஞ்சும். ஒரு அறை ஃபேன் மட்டும் எந்நேரமும் மெதுவாக இருந்தால் இவை இரண்டையும் விட்டுவிடலாம்.

தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறதா?

கண்டென்சர் இளைப்பதன் கடைசிக் கட்டம் இது. சுவிட்சைப் போட்டால் உறுமல் மட்டும் வரும், இறக்கை அசையாது. காய்ந்த மரக்கம்பு ஒன்றால் இறக்கையை மெல்லத் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் எதிர்ப்பக்கமே சுற்றிக்கொண்டு போனால் கண்டென்சர் முற்றிலும் செத்துவிட்டது, அல்லது அதற்குப் போகும் ஒயர் அறுந்திருக்கிறது. அந்தக் கண்டென்சரோடு சேர்ந்த காயில் அறுந்தாலும் இதே அறிகுறிதான் வரும், ஆனால் அது அபூர்வம்.

இந்தச் சோதனையைப் பத்து நொடிக்குள் முடித்துவிடுங்கள். சுற்றாமல் உறுமிக்கொண்டிருக்கும் ஃபேனில் சுவிட்சைப் போட்டபடி விட்டால் மோட்டார் சூடேறி, நன்றாக இருந்த காயில் உண்மையிலேயே கருகிவிடும். எங்களிடம் காயில் கட்ட வரும் ஃபேன்களில் சில இப்படித்தான் கெட்டவை. காலையில் சுவிட்சைப் போட்டிருப்பார்கள், ஃபேன் சுற்றாததைக் கவனிக்காமல் வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஒரு சின்னக் கண்டென்சர் இளைத்தால் ஃபேன் ஏன் தள்ளாடுகிறது?

திருகைக் கல்லில் மாவு அரைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். திருகையின் பிடியை முன்னும் பின்னும் மட்டும் ஆட்டினால் கல் சுற்றாது, ஆடும். முன்னே தள்ளி, அது பக்கவாட்டில் வரும் நேரம் பார்த்துப் பக்கமாகவும் ஒரு தள்ளு கொடுத்தால்தான் வட்டமாகச் சுற்றும். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் முன்னும் பின்னும் ஆடும் ஆட்டம்தான், நொடிக்கு 50 தடவை. ஃபேன் மோட்டாருக்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கரண்ட் நேராகப் போகிறது. இன்னொன்றுக்குக் கண்டென்சர் வழியாகப் போகிறது. கண்டென்சர் அந்தக் கரண்டை நேரம் மாற்றி அனுப்புகிறது, அந்த இரண்டாவது தள்ளு அதிலிருந்துதான் வருகிறது.

கண்டென்சரின் அளவு குறைந்தால் இரண்டாவது தள்ளு பலவீனமாகிறது. வட்டமாகச் சுழல வேண்டிய காந்தப்புலம் நசுங்கிய வட்டமாகிறது. சுற்றும் விசை குறைந்து, ஆட்டும் விசை கூடுகிறது. அந்த ஆட்டம்தான் இரும்பை நொடிக்கு 100 தடவை அதிரவைத்து, 'ம்ம்ம்' என்று நம் காதுக்கு வருகிறது. வேகக் குறைவும் உறுமலும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுதான்.

கண்டென்சர் ஏன் இளைக்கிறது? அதன் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். படலத்தின் மேல் பூச்சு போல உலோகம். வோல்டேஜ் எகிறும்போது படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். உடனே அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகிப் போய், ஓட்டை தானாகவே அடைபட்டுவிடும். அதனால்தான் அது வெடிக்காமல் பல வருடம் உழைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் துளி உலோகம் போய்க்கொண்டே இருக்கிறது. உலோகப் பரப்பு குறைந்தால் அளவும் குறையும். மோட்டார் சூடும், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையின் கூரைச் சூடும் இதை வேகப்படுத்தும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. புடைத்தோ வெடித்தோ இருந்தால் சந்தேகமின்றிக் கெட்டது. ஆனால் பார்க்க அழகாக இருப்பதால் நல்லது என்று சொல்லவே முடியாது.

திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் லைனில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஃபேனில் கரண்ட் இருக்கும். மெயினை அணையுங்கள். மெயினை அணைத்ததும் பலர் மறக்கும் ஒன்று நடக்கும்: இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கிவிடும். ஹால் ஃபேன் அநேகமாக இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கும். ஆகவே இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, ஃபேன் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். சுற்றவில்லை, உறுமவில்லை என்றால் திரும்ப அணைத்துவிட்டு ஏறலாம். ஏறிய பிறகும் ஒயர்களை டெஸ்டரால் ஒருமுறை தொட்டுப் பார்த்த பின்தான் விரல் வைக்க வேண்டும். அந்த டெஸ்டர் எரிகிறதா என்பதைக் கரண்ட் இருக்கும் பிளக்கில் முன்னதாகவே சோதித்துக்கொள்ளுங்கள்.

ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பிளாஸ்டிக் நாற்காலி மேல் இன்னொரு ஸ்டூல் வைத்து ஏறுவதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படி ஏறாதீர்கள். இந்த வேலையில் ஷாக்கைவிட, சின்ன ஷாக்கால் பதறிக் கீழே விழுவதுதான் அதிகம் அடிபட வைக்கும். இதெல்லாம் பழக்கமில்லாதவர்கள் இதுவரை செய்த சோதனைகளோடு நிறுத்தி, "கண்டென்சரை அளந்து பாருங்க" என்று எலக்ட்ரீசியனிடம் சொன்னாலே போதும்.

பெரும்பாலான ஃபேன்களில் கண்டென்சர் மோட்டாருக்கு மேலே உள்ள கிண்ணம் போன்ற கப்புக்குள் இருக்கும். சிலவற்றில் கூரையை ஒட்டிய மேல் கப்பில் இருக்கும். கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ராடில் மேலே தள்ளி, டேப்பால் ஒட்டி நிறுத்துங்கள். இறக்கையைக் கழற்ற வேண்டியதில்லை. ராடையும் மோட்டாரையும் பிணைக்கும் போல்ட்டையும் அதன் குறுக்கே போகும் பின்னையும் தொடவே கூடாது. ஃபேன் முழுவதும் அவற்றில்தான் தொங்குகிறது. ஆனால் பின் ஒழுங்காக விரிந்து இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். எந்த நிற ஒயர் எதனோடு இருக்கிறது என்று தெரியும்படி இரண்டு பக்கமிருந்தும் எடுங்கள். ஒயர் நிறங்கள் எல்லா ஃபேனிலும் ஒன்றாக இருக்காது. பக்கத்து வீட்டு ஃபேனைப் பார்த்து மாட்ட முடியாது.

அளப்பது

கரண்ட் அணைந்ததும் கண்டென்சரில் தங்கும் சார்ஜ் காயில்கள் வழியாகவே வடிந்துவிடும். ஆனால் காயிலோ ஒயரோ எங்காவது அறுந்திருந்தால் வடிய வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். எனவே ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயர்களைக் கண்டென்சரின் இரண்டு முனையிலும் சில நொடி தொட்டு வையுங்கள். சார்ஜ் இருந்தால் பல்பு வழியாக வடிந்துவிடும்.

பிறகு கண்டென்சரின் ஒரு முனையையாவது கழற்றி, கண்டென்சர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரில் 20 மைக்ரோஃபாரட் அளவில் வைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் காயிலோடு இணைந்திருக்கும்போது அளந்தால் எண் தவறாக வரும். கண்டென்சரின் மேலேயே அதன் அளவு அச்சிட்டிருக்கும். ஹால் ஃபேனில் 2.5 மைக்ரோஃபாரட், கூட்டியோ குறைத்தோ 5 சதவீதம், 440 வோல்ட் என்று இருந்தது. அதாவது புதிதாக இருக்கும்போது 2.38-க்கும் 2.62-க்கும் இடையில் இருக்க வேண்டும். மீட்டரில் வந்தது 1.46. சந்தேகத்துக்கே இடமில்லை.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. அச்சிட்ட அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். 2.5-க்கு 2.25 எல்லைக்கோடு. 2.3-ஐ ஒட்டி இருந்து, ஃபேன் மெதுவாக ஓடினால், கண்டென்சரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வேறு காரணமும் தேட வேண்டும்.

மீட்டர் இல்லாதவர்கள் ஒரு சோதனை செய்வார்கள். கண்டென்சரின் இரண்டு ஒயரையும் பிளக்கில் செருகி எடுத்து, முனைகளை உரசுவார்கள். பொறி பறந்தால் நல்லது என்று முடிவு. டீச்சரம்மா வீட்டுக்கு முன்பு வந்தவரும் அதைத்தான் செய்திருக்கிறார். பொறி வந்திருக்கிறது, கண்டென்சர் நல்லது, அப்படியானால் காயில்தான் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். 1.46-க்கு இளைத்த கண்டென்சரும் பொறி விடும். அது செத்துவிட்டதா இல்லையா என்றுதான் பொறி சொல்லும், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லாது. கையில் வாங்கினால் ஆபத்தும்கூட. மீட்டர் கிடைக்கவில்லையென்றால் அதைவிட நல்ல வழி, அதே அளவில் ஒரு புதுக் கண்டென்சரை மாட்டிப் பார்ப்பது. இல்லையென்றால் நன்றாக ஓடும் ஜோடி ஃபேனிலிருந்து கழற்றி மாட்டியும் பார்க்கலாம்.

எந்த அளவு வாங்குவது?

பழையதில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதே. எழுத்து அழிந்திருந்தால் மோட்டார் மேல் ஒட்டிய லேபிளையோ ஜோடி ஃபேனையோ பாருங்கள். வீட்டு ஃபேன்களில் 2.25, 2.5, 3.15 ஆகியவை அதிகம். மைக்ரோஃபாரட் என்பதற்குக் கடையில் 'எம்எஃப்டி' என்று சொல்வார்கள், "ரெண்டரை எம்எஃப்டி கண்டென்சர்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 440 வோல்ட் என்பதையும் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வருவது 230 தானே, 250 வோல்ட் கண்டென்சர் போதாதா என்று கேட்பார்கள். போதாது. காயிலோடு சேர்ந்து ஓடும்போது கண்டென்சரின் இரு முனைகளுக்கு நடுவே வீட்டு வோல்டேஜைவிட அதிகமாக ஏறும். குறைந்த வோல்டேஜ் கண்டென்சர் ஒரு கோடையைத் தாண்டாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "2.5-க்கு 3.15 போட்டா ஸ்பீடு கூடும்" என்று ஒரு ஆலோசனை பரவலாக இருக்கிறது. கொஞ்சம் கூடலாம்தான், அதனால்தான் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது காயிலில் அதன் மெல்லிய கம்பிக்கு ஏற்ற அளவுக்கு மேல் கரண்ட் ஓடும். காந்தப்புலம் இப்போது மறுபக்கம் நசுங்கும், உறுமல் திரும்ப வரும், மோட்டார் சூடாகும். கம்பியின் வார்னிஷ் பொரிந்து காயில் கருகிய ஃபேன்களைப் பிரிக்கும்போது, உள்ளே அளவு பெரிய கண்டென்சர் மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பழைய கண்டென்சர் இளைத்திருந்த நேரத்தில் பெரிதாகப் போட்டு, "ஆஹா, வேகம்" என்று மகிழ்ந்திருப்பார்கள். சரியான அளவைப் போட்டிருந்தாலும் அந்த வேகத்தில் பெரும் பகுதி வந்திருக்கும், காயிலும் பிழைத்திருக்கும்.

மாட்டுவது, தப்பாகப் போனால் தெரிவது

கண்டென்சருக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. எந்த ஒயரை எந்தப் பக்கமும் மாட்டலாம். பழையதன் ஒரு ஒயரைக் கழற்றி அந்த இடத்தில் புதியதன் ஒரு ஒயரை மாட்டி, பிறகு இரண்டாவதை மாற்றினால் குழப்பமே வராது. கனெக்டர் ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு ஒயரை இழுத்துப் பாருங்கள். முறுக்கி டேப் மட்டும் சுற்றிய இணைப்பு, ஃபேனின் அதிர்வில் நாளடைவில் தளர்ந்துவிடும்.

மோட்டாரிலிருந்து மூன்று ஒயர்கள் வரும். போட்டோ எடுக்க மறந்து எல்லாம் கழன்றுவிட்டால், மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மூன்றையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். எந்த இரண்டுக்கு இடையில் எண் மிக அதிகமாக வருகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கண்டென்சர். மிஞ்சிய ஒயர் பொது முனை, அதற்கு நியூட்ரல். லைனைக் கண்டென்சரின் இரண்டு முனையில் ஒன்றுக்குக் கொடுக்க வேண்டும். எதில் கொடுத்தால் ஃபேன் சரியான பக்கம் சுற்றுகிறதோ அதுதான் சரியான முனை. நம் ஊர் ஃபேன்கள் கீழிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். கண்டென்சர் மாற்றிய பிறகு ஃபேன் வேகமாகச் சுற்றியும் காற்று கீழே வராவிட்டால், முதலில் சுற்றும் பக்கத்தைப் பாருங்கள். லைன் தப்பான முனையில் போயிருக்கும்.

டீச்சரம்மா வீட்டில் புதுக் கண்டென்சரை மாட்டும் முன் அளந்தேன், 2.49. புதியது என்பதற்காக அளக்காமல் மாட்டக் கூடாது, பெட்டியிலேயே குறைவாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். கப்பை இறக்கி, இன்வெர்ட்டரையும் மெயினையும் போட்டு, வேண்டுமென்றே 2-ல் வைத்து சுவிட்சைத் தட்டினேன். தயங்காமல் கிளம்பியது. 5-க்குத் திருப்பியதும் சோபா மேலிருந்த செய்தித்தாள் பறந்தது. பேரன் மறுபடியும் வீடியோ எடுத்தான். பத்துச் சுற்றுக்கு 14 நொடி, படுக்கையறை ஃபேனுக்கு வந்த அதே எண்.

மாற்றிய பிறகும் மெதுவாகவே இருந்தால்

அரை மணி நேரம் 5-ல் ஓடவிட்டு, நிறுத்தி, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு மோட்டாரின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு, கொஞ்சம் சூடு இருந்தாலும் தவறில்லை. மூன்று நான்கு நொடிகூடக் கையை வைக்க முடியவில்லை, அல்லது வார்னிஷ் கருகும் வாடை வருகிறது என்றால், காயிலில் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அப்போதுதான் காயில் கட்டும் கடைக்கு வர வேண்டும். அந்த ஃபேனை அதன்பிறகு ஓட்டாதீர்கள். சூடும் இல்லை, வாடையும் இல்லை, ஆனால் மெதுவாகவே சுற்றுகிறது என்றால், பேரிங் இறுக்கத்தையும் வோல்டேஜையும் இன்னொரு தடவை பாருங்கள். இறக்கையின் விளிம்பில் விரல் தடிமனுக்குப் படிந்த தூசியும் கொஞ்சம் வேகத்தைத் தின்னும்.

டீச்சரம்மா படுக்கையறை ஃபேனையும் திறந்து அளக்கச் சொன்னார். அதன் கண்டென்சர் 2.31 காட்டியது. எல்லைக்கோட்டுக்கு மேலே இருந்ததாலும் வேகம் குறையாததாலும் அதை மாற்றவில்லை. ஹாலில் மாட்டிய புதுக் கண்டென்சரின் மேல் மார்க்கர் பேனாவால் அன்றைய தேதியையும் 2.49 என்ற எண்ணையும் எழுதியிருந்தேன். அதேபோல் படுக்கையறைக் கண்டென்சரிலும் தேதியையும் 2.31-ஐயும் எழுதிவிட்டு கப்பை இறக்கினேன். வரும் பங்குனியில் அதைத் திரும்ப அளந்து பார்க்க வேண்டும்.